மனம் அலைபாயும்போது ஜெபிக்க உதவும் நான்கு நிமிட வீடியோ: தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கவலையில் இருப்பவர்களுக்கு ஜெபிக்கச் சொல்லித்தரும் வீடியோக்கள் பலவற்றில் ஒரே குறை இருக்கிறது. ஜெபத்தைப் பற்றி ஏழெட்டு ஆலோசனைகள் சொல்லிவிட்டு முடிந்துவிடும். பார்ப்பவர் அதற்குப் பிறகு தனியாக உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அவரால் மூன்று வாக்கியங்களைக்கூடச் சேர்த்து நினைவில் வைக்க முடியாது. மனம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வீடியோ செய்யக்கூடிய பெரிய உதவி, அது ஓடும்போதே அவரும் ஜெபித்து முடித்துவிடுவதுதான். ஆலோசனையைத் தனியாகச் சொல்லாமல், அவரோடு சேர்ந்து செய்துகாட்டிவிட வேண்டும்.

சபைக்காகவோ ஜெபக் குழுவுக்காகவோ நண்பர்களுக்காகவோ அப்படி ஒரு வீடியோவை எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடியோ எடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள், நடுவில் உள்ள ஸ்கிரிப்டைத் தங்களுக்காகவே பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரே ஒருவரை மனதில் வையுங்கள்

"கவலையில் இருக்கும் எல்லோருக்கும்" என்று எழுத ஆரம்பித்தால் வார்த்தைகள் பொதுவாகப் போய்விடும். ஒரு ஆளை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்டவர் இவர்: அம்மாவுக்கு எடுத்த பரிசோதனையின் முடிவு நாளைக் காலையில் வரும். மணி இரவு பதினொன்று. படுத்துவிட்டார், தூக்கம் வரவில்லை. இரண்டு முறை ஜெபிக்க ஆரம்பித்தார். "கர்த்தாவே" என்று சொன்னதுமே மனம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இப்போது கையில் போனோடு இருக்கிறார்.

இவரை மனதில் வைத்ததும் பல விஷயங்கள் தாமாகவே முடிவாகிவிடும். அறை இருட்டாக இருக்கிறது, அதனால் திரையில் பளீரென்ற வெள்ளைப் பின்னணி கூடாது. பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள், அதனால் தொடக்க இசையோடு சேனல் பெயர் முழங்கக் கூடாது. சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுப் பார்ப்பவருக்காகச் சப்டைட்டிலும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, "நாளைக்கு நல்ல செய்திதான் வரும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அது உங்களுக்குத் தெரியாது. முடிவு வேறு மாதிரி வந்தால், அவர் உங்கள் வீடியோவோடு சேர்த்து ஜெபத்தையும் மூடி வைத்துவிடுவார். ஆறுதலை வரப்போகும் முடிவில் வைக்காதீர்கள். இந்த ராத்திரியில் அவர் தனியாக இல்லை என்பதில் வையுங்கள்.

வசனத்தைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் வீடியோ முடிந்தபின் அவரிடம் மிஞ்சப்போவது இந்த ஒரு வரிதான்.

பலரும் எடுத்தவுடன் பிலிப்பியர் 4:6-க்குப் போவார்கள். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று தொடங்கும் அந்த வசனம் அருமையானது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, கவலையை நிறுத்த முடியாமல் தவிப்பவர் காதில் அது "நீ கவலைப்படுவதே தப்பு" என்று விழக்கூடும். ஏற்கனவே இருக்கும் பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். அந்த வசனத்தைப் பகலில், விளக்கிச் சொல்ல நேரம் இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

"என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது" என்ற சங்கீதம் 94:19 இவருடைய நிலையை அப்படியே சொல்கிறது. விசாரங்கள் பெருகுவதை அது திட்டவில்லை. அதற்கு நடுவில் நின்றுகொண்டே பேசுகிறது. ஆனால் நினைவிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்ல நீளம் அதிகம். வீடியோவின் கடைசியில் திரையில் காட்ட இது பொருத்தம்.

திரும்பச் சொல்வதற்கு நான் எடுப்பது சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." இதற்கு நீண்ட பின்புலம் உண்டு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்து பாலைவனத்துத் துறவிகளோடு தங்கிக் கற்ற யோவான் காசியன் என்பவர், ஜெபத்தில் மனம் நிற்காமல் ஓடும் பிரச்சினையைப் பற்றி அவர்களிடம் கேட்டிருக்கிறார். ஈசாக்கு என்ற மூத்த துறவி அதற்குச் சொன்ன வழி, இந்த ஒரே வசனத்தை எந்த நிலைமையிலும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது. வேலை செய்யும்போதும் படுக்கும்போதும், பயத்திலும் சோர்விலும், இதே வரிதான். ஜெபத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்களுக்கும் மனம் ஓடியிருக்கிறது என்பதே பார்ப்பவருக்குப் பெரிய ஆறுதல்.

இந்த வசனம் ஏன் பொருந்துகிறது என்றால், இது கர்த்தரைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் இல்லை, அவரிடமே நேராகக் கூப்பிடுவது. சமாதானத்தில் இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இதில் இல்லை. உதவி வேண்டும், சீக்கிரம் வேண்டும், அவ்வளவுதான். வீடியோவில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: "கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." உங்கள் ஆட்கள் வேறு மொழிபெயர்ப்பை வாசித்துப் பழகியவர்கள் என்றால், அவர்கள் வாயில் பழகிய வடிவத்தையே வையுங்கள். பதற்றத்தில் இருப்பவருக்குப் புதிய வார்த்தைகள் பாரம்.

ஒரே வரியைத் திரும்பச் சொல்வது வீண்வார்த்தை ஆகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். மத்தேயு 6:7-ஐ நினைத்துக் கேட்கும் நியாயமான கேள்விதான். கெத்செமனேயில் இயேசுவும் மூன்றாம் முறை ஜெபித்தபோது முன்பு சொன்ன அதே வார்த்தைகளையே சொன்னார் என்று மத்தேயு 26:44-ல் இருக்கிறது. அப்போது அவருடைய ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கத்தில் இருந்தது. அதிகம் பேசினால் கேட்கப்படும் என்ற எண்ணத்தில் அடுக்குவது வேறு. வேறு வார்த்தை வராத நேரத்தில் இருக்கும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வது வேறு. இந்த விளக்கத்தை வீடியோவில் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

ஸ்கிரிப்ட்: நான்கு நிமிடம், நிமிடம் நிமிடமாக

நான்கு நிமிடத்துக்குப் பேசும் வார்த்தைகள் சுமார் 150 போதும். வழக்கமான வேகத்தில் பேசினால் இதை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். மீதி நேரம் எல்லாம் அமைதி. அந்த அமைதியில்தான் அவர் ஜெபிக்கப்போகிறார். எழுதும்போதே ஒவ்வொரு இடைவெளிக்கும் எத்தனை வினாடி என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவின்போது 20 வினாடி விடுவதாக நினைத்து 5 வினாடியில் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

*0:00.* "மனசு ஓடிக்கொண்டே இருக்கிறதா? சரி. அதை நிறுத்தப் போராட வேண்டாம். ஓடுகிற மனசோடேயே நான்கு நிமிடம் சேர்ந்து ஜெபிப்போம்."

வணக்கம், பெயர், அறிமுகம் எதுவும் வேண்டாம். முதல் 10 வினாடிக்குள் "இது எனக்குத்தான்" என்று அவருக்குத் தெரிய வேண்டும். "கவலைப்படாதீர்கள்" என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள்; அந்தச் சொல்லைக் கேட்டு யாருக்கும் கவலை நின்றதில்லை.

*0:20.* "படுத்திருந்தால் படுத்தே இருங்கள். கண்ணை மூட வேண்டும் என்று இல்லை. மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள்." இப்படி மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 10 வினாடி: உள்ளே 4, வெளியே 6.

உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்று அடங்கும். உடம்பு தணிந்தால் வார்த்தையைப் பிடித்துக்கொள்வது எளிது, அதற்காகத்தான் இது. மூச்சை அடக்கி வைக்கச் சொல்லாதீர்கள். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: "மூச்சைக் கவனிப்பது கஷ்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் பாதம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்."

*1:00.* "எசேக்கியா ராஜாவுக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. அவர் அதை வாசித்தார். ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைத்தார். உங்களிடமும் அப்படி ஒரு கடிதம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரே ஒரு வரியில் அவரிடம் சொல்லுங்கள்." பிறகு 20 வினாடி அமைதி.

2 இராஜாக்கள் 19:14-ல் வரும் சம்பவம் இது. அசீரிய ராஜாவான சனகெரிப் எருசலேமைப் பிடிக்கப்போவதாக மிரட்டிய காலம். எசேக்கியா கடிதத்தை மறைக்கவில்லை, அதைப் பற்றிச் சுற்றி வளைத்தும் பேசவில்லை. விரித்து வைத்துவிட்டு ஜெபித்தார். கவலையை மறந்தால்தான் ஜெபிக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கவலையே ஜெபத்தின் பொருளாகிவிடுகிறது. "ஒரே வரி" என்ற எல்லையை விட்டுவிடாதீர்கள். எல்லை இல்லாமல் "உங்கள் கவலைகளைச் சொல்லுங்கள்" என்றால், அவர் ஆஸ்பத்திரி, பணம், லீவு, அண்ணனோடு பட்ட மனஸ்தாபம் என்று மறுபடியும் ஓடத் தொடங்கிவிடுவார். ஒரு வரி என்றால் தேட வேண்டும். "அம்மா இல்லாமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது." இத்தனை நேரம் ஓடிய ஓட்டமெல்லாம் இதைச் சுற்றித்தான் என்று அப்போது அவருக்கே தெரியும்.

*1:45.* "இப்போது இந்த வரியை என்னோடு சொல்லுங்கள். சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தாலும் போதும். கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் பிறகு 5 வினாடி. அப்புறம், "இனி நீங்களே சொல்லிக்கொண்டிருங்கள்" என்று சொல்லிவிட்டு 25 வினாடி அமைதி.

உதடு மட்டும் அசைவது அன்னாளின் ஜெபம். 1 சாமுவேல் 1-ம் அதிகாரத்தில் ஏலி அதைப் பார்த்துவிட்டு அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். அறையில் யாரோ தூங்குவதாலும் இது வசதி. உதடு அசையும்போது மனம் மட்டும் தனியாக ஓடுவது கொஞ்சமாவது குறையும்.

*2:45.* இந்த வீடியோவின் இதயமே இந்த இடம்தான். "இந்நேரம் மனசு வேறு எங்கோ போயிருக்கும். பரவாயில்லை. போன இடம் எதுவோ, அதையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, வரிக்குத் திரும்பி வாருங்கள்."

25 வினாடி அமைதியில் பெரும்பாலும் மனம் போயே இருக்கும். சரியாக அந்த நேரத்தில் இதைக் கேட்பவருக்கு, தான் தோற்கவில்லை என்று புரியும். இதையே வீடியோவின் தொடக்கத்தில் ஆலோசனையாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். மனம் போனது ஒரு பிழையாக எண்ணப்பட்டால், அவர் தன்னைத் திட்டிக்கொள்வதில் அடுத்த ஒரு நிமிடத்தைச் செலவழிப்பார். அதுவும் ஒரு அலைச்சல்தான். போனதைக் கவனித்துத் திரும்புவதே இன்றைக்கு அவர் செய்யக்கூடிய ஜெபம். நூறு முறை திரும்பினால் நூறு முறை கூப்பிட்டிருக்கிறார்.

தொடர்ந்து வசனத்தை இரண்டு முறை நீங்கள் சொல்லுங்கள். மறுபடியும் 20 வினாடி அமைதி.

*3:30.* "கர்த்தாவே, என் பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அதை உமக்கு முன்பாக விரித்து வைத்திருக்கிறேன். விடியும் வரைக்கும் என்னோடு இரும். ஆமென்."

பயம் போய்விட்டதாக முடிக்காதீர்கள். போகாதவருக்கு அந்த ஜெபம் பொய்யாகத் தெரியும். ஆமென் சொன்ன பிறகு 15 வினாடி எதுவும் பேசாமல் சங்கீதம் 94:19-ஐத் திரையில் நிறுத்தி வையுங்கள்.

பதிவு செய்யும்போது

போனிலேயே எடுக்கலாம். ஏர்பிளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்தி, திரைச்சீலையும் துணிமணியும் உள்ள அறையில் உட்காருங்கள். வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலித்து மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் மூச்சுக்காற்று அதில் மோதாது. பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் பேசும் குரல் போதும். பிரசங்கக் குரலும் வேண்டாம், கிசுகிசுப்பும் வேண்டாம்.

அமைதி என்று நினைத்து எடிட்டிங்கில் ஒலியை முழுவதும் அழித்துவிடுவது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் பார்ப்பவர் வீடியோ நின்றுவிட்டது என்று நினைத்துத் திரையைத் தொடுவார், அத்தோடு ஜெபம் கலைந்துவிடும். பேசாமல் உட்கார்ந்து அறையின் சத்தத்தை மட்டும் 30 வினாடி தனியாகப் பதிவு செய்துகொண்டு, இடைவெளிகளில் அதைப் போடுங்கள். காதுக்கு ஏதோ உயிரோடு இருக்கிறது என்று தெரியும். கண்ணுக்கும் மெதுவாக அசையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்; ஒரு சுடர் போதும். மென்மையான இசை சேர்க்கலாமா என்று கேட்டால், என் கருத்து வேண்டாம் என்பதுதான். பாட்டின் போக்கை மனம் பின்தொடரும், வசனத்தை விட்டுவிடும்.

பின்னணி கருமையாக, எழுத்து மங்கிய வெள்ளையில் பெரிதாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே வரிதான் திரையில். அமைதியான இடைவெளிகளில் வசனம் மட்டும் நிற்கட்டும், மறந்துபோனவர் கண்ணை உயர்த்தினால் கிடைக்கும். தானாக வரும் தமிழ் சப்டைட்டிலை நம்பாதீர்கள். "தீவிரியும்", "சகாயஞ்செய்ய" போன்ற பழைய வடிவங்களை அது சிதைத்துவிடும். நீங்களே தட்டச்சு செய்யுங்கள், 150 வார்த்தைதானே.

யூடியூபில் போடுவதாக இருந்தால் ஷார்ட்ஸாக வேண்டாம். மூன்று நிமிட வரம்பு ஒரு பக்கம் இருக்க, ஷார்ட்ஸ் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும், ஆமெனுக்குப் பிறகான அமைதி போய்விடும். சாதாரண வீடியோவாகப் போடுங்கள். 8 நிமிடத்துக்குக் குறைவானது என்பதால் நடுவில் விளம்பரம் நுழையாது.

வெளியிடும் முன் சோதிப்பது

இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள், ஆனால் பகலில் அல்ல. ராத்திரி படுத்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். "எப்படி இருந்தது" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்த இடத்தில் கை திரையை நோக்கிப் போனது? காலையில் எழுந்தபோது வசனம் நினைவில் இருந்ததா? அந்த ஒரு வரியை உங்களால் கண்டுபிடிக்க முடிந்ததா?

கை முதல் அமைதியில் போயிருந்தால், அதற்கு முன்னால் நீங்கள் தெளிவாக வேலை கொடுக்கவில்லை என்று பொருள். அமைதியைக் குறைக்காமல் வாக்கியத்தைத் திருத்துங்கள். வசனம் மறந்திருந்தால் அது நீளம், அல்லது நீங்கள் சொன்ன மற்ற வார்த்தைகள் அதிகம். ஒரு வரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 20 வினாடியை 30 ஆக்குங்கள். வெளியிட்ட பிறகு, எந்த வினாடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்று காட்டும் வரைபடத்தையும் பார்ப்பீர்கள். இடைவெளிகளில் சிலர் போயிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்து இடைவெளியை வெட்டினால், தங்கியிருந்தவர்களின் ஜெபத்தை வெட்டுகிறீர்கள்.

கடைசியாக, வீடியோவின் கீழே உள்ள விவரக் குறிப்பு. வசனங்களை அங்கே முழுதாக எழுதுங்கள். அதோடு, வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல் இருப்பவர்களும், பயம் அன்றாட வேலையையே முடக்குகிற அளவுக்கு இருப்பவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்று ஜெபித்த எலியாவுக்கும் முதலில் கிடைத்தது தூக்கமும் சாப்பாடும்தான், 1 இராஜாக்கள் 19-ல் வாசிக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்களுக்கு, உங்கள் பார்வையாளர்கள் இருக்கும் நாட்டின் உதவி எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள். போடும் முன் அந்த எண்ணுக்கு நீங்களே ஒருமுறை அழைத்து, எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், தமிழில் பேச ஆள் இருக்கிறார்களா என்று கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.